தேர்வு நேர்மைக்கு ஒரு வகுப்பு உறுதிமொழிப் பாட்டு: எழுதுவது முதல் தேர்வறையில் சொல்வது வரை

எங்கள் ஏழாம் வகுப்பில் 42 பிள்ளைகள். காலாண்டுத் தேர்வுத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது, தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவர் யார் என்ற கேள்விக்கு ஒரே வரிசையில் அடுத்தடுத்து உட்கார்ந்த நான்கு பேர் ராஜேந்திர சோழன் என்று எழுதியிருந்தார்கள். சரியான விடையை நான்கு பேர் எழுதினால் சந்தேகப்பட ஒன்றுமில்லை. ஒரே தப்பை, அதுவும் ஒரே எழுத்துப்பிழையோடு நான்கு பேர் எழுதினால் அது ஒருவன் தாளிலிருந்து மற்ற மூவருக்குப் போயிருக்கிறது என்று எந்த ஆசிரியருக்கும் தெரியும். அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் வகுப்பே சேர்ந்து சொல்கிற மாதிரி ஓர் உறுதிமொழிப் பாட்டு எழுதலாம் என்று அப்போதுதான் தோன்றியது. அதை எழுதிய விதம், பழக்கிய விதம், நடுவில் சொதப்பிய இடங்கள் எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்கிறேன். நீங்கள் உங்கள் வகுப்புக்கு வேறு பாட்டு எழுதினாலும் வழி இதேதான்.

எழுதுவதற்கு முன்: பிள்ளைகளிடம் கேளுங்கள்

முதலில் நானே உட்கார்ந்து ஒரு பாட்டு எழுதினேன். வாய்மை, நேர்மை, தூய்மை, வாழ்வு, உயர்வு என்று எல்லா நல்ல சொல்லும் அதில் இருந்தது. பிள்ளைகளும் அழகாகச் சொன்னார்கள். மறுநாள் மாதத் தேர்வில் வழக்கம்போலவே காப்பி நடந்தது. பாட்டில் இருந்த எதுவும் அவர்கள் பெஞ்சில் நடப்பதைப் பற்றியது இல்லை, அதுதான் காரணம்.

அதனால் இரண்டாவது முறை, ஆளுக்கு ஒரு கால் தாள் கொடுத்து, பெயர் போட வேண்டாம், தேர்வில் உனக்கு எந்த நேரத்தில் காப்பி அடிக்கத் தோன்றுகிறது, அல்லது எந்த நேரத்தில் காட்டிக் கொடுக்கிறாய் என்று மட்டும் எழுது என்றேன். கையெழுத்து எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும், அதனால் ஒரு மாணவியை விட்டே எல்லாவற்றையும் வாசிக்கச் சொல்லி, நான் கரும்பலகையில் எழுதினேன். தாள்களை அங்கேயே கிழித்துப் போட்டோம். இந்தக் கிழிப்பதை அவர்கள் கண் முன்னால் செய்வது முக்கியம், அடுத்த முறை கேட்டால் உண்மை வர வேண்டும் இல்லையா.

நான் எதிர்பார்த்தது பிட்டு. வந்தது வேறு. பாதிக்கு மேற்பட்ட தாள்களில் இருந்தது ஒரே விஷயம்: பின்னால் இருப்பவன் கேட்கிறான், காட்டாவிட்டால் பேச மாட்டான். ஒரு பிள்ளை இப்படி எழுதியிருந்தது: "காட்டலைன்னா டூ விட்டுடுவா டீச்சர்." காப்பி அடிப்பவனைவிட, காட்டச் சொல்லி நெருக்கப்படுபவன் இந்த வகுப்பில் அதிகம். அப்படியானால் பாட்டின் நடுப்பகுதி நட்பைப் பற்றித்தான் இருக்க வேண்டும். உங்கள் வகுப்பு பத்தாம் வகுப்பாக இருந்தால் பிட்டு முதலில் வரலாம். எது அதிகம் வருகிறதோ அதற்கு நடு இடத்தைக் கொடுங்கள், மற்றதை விடுங்கள். எல்லாத் தப்பையும் ஒரே பாட்டில் அடைத்தால் அது விதிமுறைப் பட்டியல் ஆகிவிடும், யாரும் மனசோடு சொல்ல மாட்டார்கள்.

நாமா, நானா?

எல்லோரும் சேர்ந்து சொல்வதால் "நாம்" என்று எழுதத்தான் கை போகும். போக விடாதீர்கள். "நாம் நேர்மையாய் இருப்போம்" என்று 42 பேர் சொன்னால், ஒவ்வொருவரும் மீதி 41 பேரைச் சொல்வதாக நினைத்துக்கொள்ளலாம். நாம் தினமும் சொல்கிற தேசிய உறுதிமொழியையே பாருங்கள். 1962இல் பைடிமர்ரி வெங்கட சுப்பாராவ் தெலுங்கில் எழுதியது, ஊரே கூடிச் சொல்வது, ஆனாலும் "இந்தியா எனது நாடு" என்றுதான் தொடங்குகிறது. குரல் எல்லோருடையது, வாக்கு ஒருவருடையது.

இன்னொன்று, கண்ணும் கையும் வாயும் செய்கிற வேலையாக எழுதுங்கள். "நேர்மை காப்பேன்" என்றால் பிள்ளைக்கு என்ன செய்வதென்று தெரியாது. "கண்ணைத் தாள்மேல் வைப்பேன்" என்றால் தெரியும்.

வரியின் நீளம்: நான்கு தட்டு

ஆசிரியப்பா, வெண்பா என்றெல்லாம் போக வேண்டாம். வெண்பாவின் தளை கூட்டமாகச் சொல்லும்போது யாருக்கும் கேட்காது, ஆனால் அதற்காகச் சொற்களை முறுக்க வேண்டி வரும். ஒரு வரிக்கு நான்கு கைத்தட்டு, அவ்வளவுதான் கணக்கு. மேசையில் தட்டிக்கொண்டே சொல்லிப் பாருங்கள்:

கற்றதை | மட்டும் | நம்பிடு | வேன்

நான்காவது தட்டில் ஒரே ஓர் அசை விழுகிறது, மீதி இடம் மூச்சுக்கு. இப்படிக் கடைசியில் கொஞ்சம் இடம் விட்டால்தான் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு வரியை ஒரே மூச்சில் சொல்லி முடித்து அடுத்த மூச்சை எல்லோரும் ஒரே இடத்தில் எடுப்பார்கள். வரி நீண்டால் ஆளுக்கு ஓர் இடத்தில் மூச்சு வாங்குவார்கள், அங்கேதான் கோரஸ் உடையும். இரண்டிரண்டு வரியாக, முதல் எழுத்து மோனையாக அமைத்துக்கொண்டால் ஒரு வரி மறந்தாலும் அடுத்ததை அந்த எழுத்தே இழுத்து வந்துவிடும். "கற்றதை" என்றால் "கண்ணை" வரும், "பக்க" என்றால் "படித்த" வரும். பி, பே போன்றவையும் மோனைக்கு ஒத்துக்கொள்ளும், அதனால் திண்டாட்டம் இல்லை.

"நம்பிடுவேன், வைத்திடுவேன்" என்பதில் உள்ள "இடு" தாளத்துக்காக வந்தது. மூன்று வரிக்கு மேல் போனால் விளம்பரப் பாட்டு மாதிரி ஆகிவிடும், அதனால் மூன்றோடு நிறுத்திக்கொண்டேன்.

பாட்டு

நாங்கள் கடைசியாக வந்து நின்றது இது:

கற்றதை மட்டும் நம்பிடுவேன்
கண்ணைத் தாள்மேல் வைத்திடுவேன்

பக்கத் தாளைப் பார்க்காமல்
படித்த வரையில் எழுதிடுவேன்

பின்னால் இருந்து கேட்டாலும்
பேசாதிருப்பேன் பகையில்லை

நீயும் மௌனம் காத்தாலும்
நெஞ்சில் எனக்குக் கோபமில்லை

எத்தனை மதிப்பெண் வந்தாலும்
எல்லாம் எனதே என்பேன் நான்

பத்து வரி. நிதானமாகச் சொன்னால் 40 விநாடிக்குள் முடிந்துவிடும். இதற்கு மேல் நீட்டாதீர்கள், தேர்வுக்கு முன் பிள்ளைகளுக்கு அதற்கு மேல் பொறுமை இருக்காது.

நான்காவது வரி முதலில் "தெரியா வினாவை விட்டிடுவேன்" என்று இருந்தது. சொல்லிப் பழகிய முதல் நாளே ஒரு பையன் எழுந்து, "எதையாவது எழுதி வை, வெறும் தாளா விடாதேன்னு நீங்கதானே டீச்சர் சொன்னீங்க?" என்றான். அவன் சொன்னது சரி. பாதி தெரிந்தாலும் எழுதினால் பாதி மதிப்பெண் கிடைக்கும், அதை விடச் சொல்வது அநியாயம். "படித்த வரையில் எழுதிடுவேன்" என்று மாற்றினோம். உறுதிமொழியில் ஒரு வரியாவது நம் வகுப்பறையில் நாமே சொல்லும் பேச்சோடு மோதினால், பிள்ளைகள் அந்த வரியை மட்டுமல்ல, முழுப் பாட்டையும் சும்மா சொல்கிற பேச்சாக எடுத்துக்கொள்வார்கள்.

மூன்றாவது, நான்காவது ஜோடிதான் இந்தப் பாட்டின் உயிர். காட்ட மாட்டேன் என்று சொல்வதோடு நிறுத்தினால் வேலைக்கு ஆகாது, ஏனென்றால் பயம் காட்டாததைப் பற்றி இல்லை, அதற்குப் பிறகு வரும் டூவைப் பற்றி. அதனால் மறுப்பவன் ஒரு வாக்கு, மறுக்கப்பட்டவன் ஒரு வாக்கு. முதலில் "நானே கேட்டு நீ மறுத்தால்" என்று எழுதியிருந்தேன். தலைமை ஆசிரியர், கேட்பேன் என்று உறுதிமொழியிலேயே ஒத்துக்கொள்கிற மாதிரி இருக்கிறதே என்றார். நியாயமான ஆட்சேபம். "நீயும் மௌனம் காத்தாலும்" என்று வந்தபோது அந்த ஒப்புதல் போய்விட்டது, பொருள் தங்கிவிட்டது.

"கோபமில்லை" இருக்கும் இடத்தில் பிள்ளைகள் கேட்டது "டூ இல்லை". அவர்கள் சொல் அதுதான், எனக்கும் அதையே வைக்க ஆசை. மூன்று நாள் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் சரியாக அந்த இடத்தில் சிரிப்பு வெடித்தது, கடைசி இரண்டு வரியும் சிரிப்பில் கரைந்துபோனது. கூட்டமாகச் சொல்கிற பாட்டில் ஒரு சொல் சிரிப்பைக் கிளப்பினால் அது எவ்வளவு உண்மையான சொல்லாக இருந்தாலும் எடுத்துவிடத்தான் வேண்டும்.

கடைசி ஜோடியில் முதல் மதிப்பெண், வெற்றி, மருத்துவர், பொறியாளர் எதையும் சேர்க்காதீர்கள். 30 வாங்கும் பிள்ளையும் அதே வரியைச் சொல்லப் போகிறது. அதன் வாயில் பொய்யாகாத வரியாக இருக்க வேண்டும்.

சார்ட்டில் எழுதும்போது

சீர் பிரித்து எழுதாதீர்கள். தமிழாசிரியர்களுக்கு இந்தப் பழக்கம் உண்டு, எனக்கும் உண்டு. "பேசா திருப்பேன்" என்று இடம் விட்டு எழுதினேன், பிள்ளைகள் அந்த இடைவெளியில் நின்று, "பேசா... திருப்பேன்" என்று சொன்னார்கள். தாளைத் திருப்பிக் காட்டுவேன் என்று எதிர்ப்பொருள் வந்துவிட்டது! சேர்த்து எழுதியதும் சரியானது. ஜோடிக்கு ஜோடி ஒரு வரி இடம் விடுங்கள், மூச்சு அங்கே என்று கண்ணுக்கே தெரியும். நான் நின்று கடைசி பெஞ்சிலிருந்து படித்துப் பார்த்துத்தான் எழுத்தின் அளவை முடிவு செய்தேன்.

பழக்குவது: ஒரு வாரம் போதும்

ஒரு நாளைக்கு ஒரு ஜோடி, வகுப்பு தொடங்கும்போது ஐந்து நிமிடம். நீங்கள் ஒரு வரி சொல்ல, அவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு இரண்டு வரியாக. திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து ஜோடி, ஒவ்வொரு நாளும் முந்தையதைச் சேர்த்துச் சொல்வதால் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

இரண்டு கோளாறு கட்டாயம் வரும். ஒன்று, பின் வரிசை அரைத் தட்டு தாமதமாக வரும். அவர்களுக்குப் பாட்டு தெரியாததால் இல்லை, முன் வரிசை சொல்வதைக் கேட்டுச் சொல்கிறார்கள், அதனால். முன்னால் நின்று கையை ஆட்டினால் சரியாகாது. நீங்கள் வகுப்பின் நடுவில் போய் நில்லுங்கள், தாளம் நன்றாக வரும் இரண்டு பேரைக் கடைசி பெஞ்சுக்கு மாற்றுங்கள், தொடங்கும் முன் விரலால் ஒன்று, இரண்டு என்று சத்தமில்லாமல் காட்டி மூன்றாவதில் எல்லோரும் ஒன்றாக எடுக்கட்டும். நான் இதைச் செய்த அன்றே பாதி இழுவை போய்விட்டது.

இரண்டாவது, வாய்ப்பாட்டு ராகம். நாலாம் நாள் வாக்கில் "நம்பிடுவேஏஏன்" என்று ஊஞ்சலாட ஆரம்பிப்பார்கள். சொல் வாயில் பழகிவிட்டது, மனசு வேறெங்கோ போய்விட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். சத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும் குரலில் சொன்னால் ராகம் தானாக விழுந்துவிடும், மெதுவான குரலில் யாராலும் ஊஞ்சலாட முடியாது. இன்னொரு சோதனை: ஏதாவது ஒரு பிள்ளையிடம் "ஏழாவது வரியிலிருந்து சொல்லு" என்று கேளுங்கள். முதலிலிருந்து மனசுக்குள் ஓட்டித்தான் வர முடிகிறது என்றால் ராகமாகத்தான் ஏறியிருக்கிறது, வரியாக ஏறவில்லை.

வெள்ளிக்கிழமை வகுப்பை இரண்டாகப் பிரித்து எதிரெதிரே நிறுத்துங்கள். மூன்றாவது ஜோடியை ஒரு பாதி சொல்லும், நான்காவதை மறு பாதி திருப்பிச் சொல்லும். மறுபடி இடம் மாற்றி. எங்கள் வகுப்பில் எப்போதும் ஒருவரிடம் ஒருவர் விடை கேட்கும் இரண்டு தோழிகள் தற்செயலாக நேருக்கு நேர் நின்றார்கள். "பேசாதிருப்பேன் பகையில்லை" என்று ஒருத்தி சொல்லும்போது மற்றவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள், தன் முறை வந்ததும் நிமிர்ந்து "நெஞ்சில் எனக்குக் கோபமில்லை" என்றாள். நான் எதுவும் சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள்.

அதேபோல், முன்பு காப்பி அடித்துப் பிடிபட்ட பிள்ளையை முன்னால் நிறுத்திப் பாட்டை நடத்தச் சொல்லாதீர்கள், அந்த வரி வரும்போது அவன் பக்கம் பார்க்கவும் செய்யாதீர்கள். உறுதிமொழி தண்டனை ஆகிவிட்டால் மற்ற 41 பேரும் அதை அப்படித்தான் கேட்பார்கள். திக்கிப் பேசும் பிள்ளை, சொல்ல விருப்பமில்லாத பிள்ளை வாயசைக்கலாம், சும்மா நிற்கலாம். கட்டாயப்படுத்தி வாங்கிய வாக்குக்கு மதிப்பு இல்லை.

தேர்வு நாளில் எப்போது?

பள்ளித் தேர்வில், பை எல்லாம் வெளியே வைத்து, எல்லோரும் இடத்தில் உட்கார்ந்த பிறகு, வினாத்தாள் கொடுக்கும் முன். வினாத்தாள் கைக்கு வந்த பிறகு சொன்னால் வாய் பாட்டைச் சொல்லும், கண் ஒரு மதிப்பெண் கேள்வியில் இருக்கும். ஒரே ஒரு முறை, எழுந்து நின்று, அதே மெதுவான குரலில். முடிந்ததும் அறைக் கண்காணிப்பாளர் அறிவுரை எதுவும் சேர்க்காமல் தாளைக் கொடுக்க ஆரம்பிக்க வேண்டும். வேறு வகுப்பு ஆசிரியர் கண்காணிப்புக்கு வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பொதுத்தேர்வுக்கு இது பொருந்தாது. தேர்வு எண் வரிசையில் பல வகுப்புப் பிள்ளைகள் கலந்து உட்காருவார்கள், பத்து மணிக்கு வினாத்தாள், படிக்கப் பத்து நிமிடம், முகப்புத் தாள் விவரம் சரிபார்க்க ஐந்து நிமிடம், 10.15க்கு எழுதத் தொடங்க வேண்டும். நடுவில் யாரும் குரல் எழுப்ப இடமில்லை. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பிள்ளைகள் மையத்துக்குக் கிளம்பும் முன் தங்கள் பள்ளியில் சொல்லிக்கொள்ளட்டும்.

பாட்டு எதைச் செய்யாது

படிவத்தின் மேலேயே நேர்மைக்குக் கையெழுத்து வாங்கினால் பொய் குறையும் என்று 2012இல் ஓர் ஆய்வு வந்து உலகமெல்லாம் பேசப்பட்டது. அதை எழுதியவர்களே பெரிய அளவில் மறுபடி செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை என்று 2020இல் எழுதினார்கள். தரவே புனையப்பட்டது என்று தெரிந்து 2021இல் அந்த ஆய்வுக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நாற்பது விநாடிப் பாட்டு காப்பியை நிறுத்திவிடும் என்று நம்பி இடைவெளி இல்லாமல் மூன்று பேரை ஒரு பெஞ்சில் உட்கார வைக்காதீர்கள். பெஞ்சுக்கு இரண்டு பேர், நடுவில் இடைவெளி, முடிந்தால் கேள்வி வரிசையை மாற்றி இரண்டு வகை வினாத்தாள், இதெல்லாம் அப்படியே இருக்கட்டும். கேட்கிறவனிடம் முடியாது என்று சொல்ல ஒரு பிள்ளைக்கு வாய் வராத நேரத்தில், எல்லோருக்கும் தெரிந்த ஒரு வரியைப் பாட்டு கொடுக்கிறது. நான் எதிர்பார்ப்பது அதை மட்டும்தான்.

ஆசிரியர்கள் பக்கமும் ஒன்று உண்டு. நான் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில், தேர்ச்சி விழுக்காட்டுக்காக ஒரு மதிப்பெண் விடைகளை அறையிலேயே சொல்லிக் கொடுத்தார்கள். அங்கே இந்தப் பாட்டைக் கொண்டு போயிருந்தால் பிள்ளைகள் நம்மைப் பார்த்த பார்வையை என்னால் தாங்கியிருக்க முடியாது. அப்படி நடக்கிற இடம் என்றால் முதலில் அதை நிறுத்துங்கள், பாட்டு பிறகு.

பலன் தெரிவது எப்படி?

எத்தனை பேர் பிடிபட்டார்கள் என்று எண்ணாதீர்கள், அது கண்காணிப்பாளரைப் பொறுத்தது. திருத்தும்போது அக்கம்பக்கத்துத் தாள்களைச் சேர்த்து வைத்து ஒரே தப்பு எத்தனை இடத்தில் வருகிறது என்று பாருங்கள். எங்களுக்கு அரையாண்டில் அது குறைந்தது. போகவில்லை, குறைந்தது.

கூடவே மதிப்பெண்ணும் குறையும், இதற்குத் தயாராக இருங்கள். காலாண்டில் சமூக அறிவியலில் 62 வாங்கிய ஒரு பையன் அரையாண்டில் 41 வாங்கினான். ராஜேந்திர சோழன் என்று எழுதிய நான்கு பேரில் ஒருவன்தான். தாளைக் கொடுக்கும்போது "என்னடா இவ்வளவு குறைஞ்சுடுச்சு?" என்று கேட்கத்தான் வாய் வந்தது, கேட்டிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். விடைத்தாள் கொடுக்கும் அன்று பாட்டின் கடைசி ஜோடியை மட்டும் வகுப்பு சேர்ந்து சொல்வது என்று வைத்துக்கொண்டோம், அதன் பிறகுதான் தாள். அவன் வந்து வாங்கிக்கொண்டு, மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு, மடித்து வைக்காமல் விரித்தபடியே தன் இடத்துக்குப் போனான். சாயங்காலம் வந்து எந்தப் பாடம் முதலில் படிக்க வேண்டும் என்று கேட்டான். அந்த 21 மதிப்பெண்ணுக்கான பாடம் எதுவென்று இப்போது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முதல் பாடத்திலிருந்து ஆரம்பித்தோம்.